விண்ணிலிருந்து நீர்ப்பரப்பை அளத்தல்: உஸ்மான் சாகர் தரும் பாடம்

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத் நகரைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. அதன் பின்னர் வெள்ளத்தைத் தடுப்பதற்கெனவே எழுந்தவை இரு நீர்த்தேக்கங்கள். மூசியின் குறுக்கே 1920-இல் முடிக்கப்பட்டது உஸ்மான் சாகர்; அதன் துணையாறான ஈசியின் குறுக்கே 1927-இல் முடிக்கப்பட்டது ஹிமாயத் சாகர். பின்னர் இவை நகரின் குடிநீர் ஆதாரங்களாகவும் விளங்கின. கண்டிப்பேட்டை ஏரி என்றும் அழைக்கப்படும் உஸ்மான் சாகரின் முழுக் கொள்ளளவு மட்டம் 1790 அடியாகும். 2016-இன் கோடையில் இவ்வேரி ஏறக்குறைய வறண்டுபோயிற்று. 2021 ஜூலையிலோ மதகுகளைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டிய அளவுக்கு நிரம்பிற்று.

இத்தகைய ஏரி “சுருங்கி வருகிறது” என்று கூறுவதற்கு எதை ஆதாரமாகக் கொள்வது? இரு ஆண்டுகளின் செயற்கைக் கோள் படங்களை அருகருகே வைத்தால் விடை கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. படத்தில் நீரைப் பிரித்தெடுப்பது எளிது. பிரித்தெடுத்த பரப்பு எதைக் குறிக்கிறது என்று அறிவதுதான் கடினம்.

முதலில் பிரித்தெடுக்கும் முறையைக் காண்போம். நீர், பச்சை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. தாவரமும் மண்ணும் இதற்கு மாறாக அகச்சிவப்பையே மிகுதியாகப் பிரதிபலிக்கின்றன. இவ்வேறுபாட்டை ஒரே எண்ணாகச் சுருக்கும் நீர்க் குறியீட்டை மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் 1996-இல் வகுத்தார். 2006-இல் ஷூ என்பவர் அண்மை அகச்சிவப்புக்குப் பதிலாகக் குற்றலை அகச்சிவப்பைப் பயன்படுத்தி அதைத் திருத்தியமைத்தார். ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக் கோளின் அலைவரிசை எண்களில் அவை வருமாறு:

```
NDWI  = (B3 - B8)  / (B3 + B8)
MNDWI = (B3 - B11) / (B3 + B11)
```

இங்கு B3 பச்சை. B8 அண்மை அகச்சிவப்பு. B11 குற்றலை அகச்சிவப்பு. தெளிந்த நீரின் ஒரு படப்புள்ளி பச்சையில் 0.08, அண்மை அகச்சிவப்பில் 0.03 என்ற அளவில் ஒளியைத் திருப்பினால் முதற் குறியீடு 0.45 ஆகும். பயிர் நிற்கும் வயலில் பச்சை 0.06, அகச்சிவப்பு 0.40 எனில் குறியீடு -0.74. சுழியத்துக்கு மேற்பட்டது நீர், கீழ்ப்பட்டது நிலம் என்று கோடு கிழித்துவிடலாம் போலத் தோன்றுகிறது.

சிக்கல் நகரத்தில்தான் எழுகிறது. வெளிறிய கூரை ஒன்று பச்சையில் 0.20, அண்மை அகச்சிவப்பில் 0.19 எனத் திருப்பினால் அதன் குறியீடு 0.03. மழைக்குப்பின் செம்மண் கலங்கிய ஆழமற்ற நீர் 0.12, 0.11 எனத் திருப்பினால் அதற்கும் 0.04. கூரையும் ஏரியும் ஒன்றாகிவிடுகின்றன! திருத்திய குறியீடு இங்குதான் கை கொடுக்கிறது. குற்றலை அகச்சிவப்பில் கூரை 0.26 எனத் திருப்ப, கலங்கல் நீரோ 0.03 மட்டுமே திருப்பும். எனவே கூரைக்கு -0.13 என்றும் நீருக்கு 0.60 என்றும் விடை கிடைக்கிறது. ஆகாயத்தாமரை மூடிய நீர்ப்பரப்பை மட்டும் இரு குறியீடுகளும் நிலமென்றே காட்டும்; ஏனெனில் செயற்கைக் கோள் காண்பது இலையையே அன்றி அதன் அடியிலுள்ள நீரையன்று. ஆகவே சுருக்கம் காணப்பட்டால், அவ்விடம் பயிர்ப்பச்சையாக உள்ளதா, வறண்ட மண்ணாக உள்ளதா என்பதை அதே படத்தில் முதலில் பார்த்துக்கொள்ளல் வேண்டும். மேகத்தின் நிழலும் இருண்டிருப்பதால் நீராகத் தோன்றி ஏமாற்றக் கூடும்.

ஆண்டுதோறும் பரப்பைத் தொடர்ந்து கணிப்போர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சென்டினல்-2 படங்களில் ஒளியளவு பத்தாயிரத்தால் பெருக்கப்பட்டு முழு எண்ணாகப் பதிவாகிறது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த செயலாக்க முறையில் அவ்வெண்ணுடன் 1000 கூட்டப்படுகிறது. அதைக் கழிக்காமல் விட்டால் 800, 300 என்றிருந்த தெளிந்த நீர் 1800, 1300 என்றாகும், குறியீடு 0.45-இலிருந்து 0.16-க்கு இறங்கிவிடும். வரம்பை 0.2 என வைத்தவருக்கு 2022-இல் ஏரியே மறைந்துபோகும். ஒரே நாளிலிருந்து தொடங்கும் திடீர்ச் சுருக்கம் எல்லா ஏரிகளிலும் ஒருசேரத் தென்பட்டால், குறை ஏரியில் இல்லை, கணக்கில்தான் உள்ளது.

படப்புள்ளியின் அளவும் அவ்வாறே. கரையின் சுற்றளவு 40 கிலோமீட்டர் என்று கொள்வோம். கரையோரத்தில் அரைப் புள்ளி பிசகினால் 10 மீட்டர் படத்தில் 0.2 சதுர கிலோமீட்டரும், 30 மீட்டர் லாண்ட்சாட் படத்தில் 0.6 சதுர கிலோமீட்டரும் வேறுபடும். பழைய ஆண்டுக்கு ஒரு கருவியையும் புதிய ஆண்டுக்கு மற்றொன்றையும் கொண்டு ஒப்பிட்டவர், இதைவிடச் சிறிய மாற்றத்தை மாற்றமென்று கூற இயலாது.

இவையெல்லாம் சரியாக அமைந்த பின்பும் முதன்மையான கேள்வி எஞ்சியுள்ளது. 2016 கோடையின் பரப்பையும் 2021 மழைக்காலத்தின் பரப்பையும் ஒப்பிட்டால் நாம் அறிவது அவ்வாண்டுகளின் மழையை மட்டுமே. ஏரியே சுருங்கியதா என்று அறிய, நீர்மட்டம் ஒன்றாக இருந்த இரு நாள்களின் படங்களை எடுக்க வேண்டும். ஐதராபாத் குடிநீர் வாரியம் இந்நீர்த்தேக்கங்களின் அன்றாட மட்டத்தை வெளியிடுகிறது. ஒரே மட்டத்தில் பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிட இன்று பரப்புக் குறைந்திருந்தால் அங்கே வண்டல் படிந்துள்ளது, அல்லது கரை மண்ணிட்டு நிரப்பப்பட்டுள்ளது என்று பொருள். ஆறு வந்து சேரும் மேற்புறத்தில் இழப்பு விரிந்து கிடந்தால் வண்டல் எனவும், கரையோரத்தில் நேர்கோட்டு விளிம்புடன் தெரிந்தால் நிரப்பல் எனவும் ஐயுறலாம். உறுதி செய்வதற்கு நேரில் சென்று பார்ப்பதே வழி.

கொள்ளளவின் இழப்பையும் இம்முறையில் மதிப்பிடலாம். எடுத்துக்காட்டாக, 3 மீட்டர் இடைவெளியுள்ள இரு மட்டங்களில் பரப்பு 8, 14 சதுர கிலோமீட்டர் எனக் கிடைத்ததாகக் கொள்வோம். அவ்விரண்டின் கூட்டுத்தொகையுடன் அவற்றின் பெருக்கற்பலனின் வர்க்கமூலமான 10.6-ஐச் சேர்த்து, மட்ட இடைவெளியால் பெருக்கி மூன்றால் வகுத்தால் இடைப்பட்ட கொள்ளளவு ஏறத்தாழ 32.6 மில்லியன் கன மீட்டர் ஆகும். பழைய அளவையில் இது 36 ஆக இருந்திருப்பின் 3.4 மில்லியன் கன மீட்டர் இடத்தை வண்டல் பிடித்துக்கொண்டது எனலாம். ஆனால் மிகத் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழே உள்ள படிவு விண்ணிலிருந்து புலப்படாது. இவ்வகையில் 2016 போன்ற வறட்சியாண்டு, அளவையாளருக்கு ஒரு அரிய வாய்ப்பு. ஏரியின் தரை ஏறக்குறைய முழுவதும் வெளிப்பட்ட ஆண்டு அது.

அதே வறட்சிப் படத்தைக் கொண்டு ஏரியின் எல்லையை வரைவது மட்டும் கூடாது. இந்நீர்த்தேக்கங்களைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்திய 1996-ஆம் ஆண்டு அரசாணை எண் 111, 2022-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே ஏரியின் நிலம் எதுவரை என்ற வினா முன்னிலும் கூர்மையடைந்துள்ளது. ஏரிப் பகுதியின் எல்லை என்பது 1790 அடி மட்டத்தில் நீர் தொடும் கோடே. ஒரு குறிப்பிட்ட நாளில் நீர் நின்ற கோடு அன்று. 2016-இன் படத்தில் வெறுந்தரையாகத் தெரிந்த இடத்தில் வீடு கட்டியவருக்கு, 2021-இன் படம் அவ்விடத்தை நீராகவே காட்டும். எல்லை வரைவோர் எடுக்க வேண்டியது மதகுகள் திறக்கப்பட்ட நாளை ஒட்டிய படமே. அந்நாளில் மேகம் மறைத்திருப்பின், மேகத்தை ஊடுருவும் ராடார் செயற்கைக் கோளின் படத்தைத் துணைக்கொள்ளலாம்; அதில் அமைதியான நீர் கருமையாகத் தனித்துத் தெரியும்.