விலகும்போது ஒரு போன், ஒரு மெயில்

சென்னையில் கணக்காளராக வேலை தேடும் ஒருவருக்கு வியாழக்கிழமை இறுதிச் சுற்று நேர்காணல். செவ்வாயன்று இன்னொரு நிறுவனத்தின் நியமனக் கடிதம் வந்துவிடுகிறது. சம்பளம், சேரும் தேதி எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்து, அவர் ஏற்றுக்கொள்கிறார். வாய்மொழி உறுதியை மட்டும் நம்பி மற்ற வாய்ப்பைக் கைவிடுவது ஆபத்து.

அடுத்து, வியாழன் வரை காத்திராமல் அன்றே சொல்லிவிட வேண்டும். நேர்காணலுக்காக மேலாளர்கள் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அடுத்த நிலையில் உள்ளவரை அழைக்க மனிதவள அதிகாரிக்கும் அவகாசம் தேவை. சொல்லாமல் வராமல் போனால், பல நிறுவனங்களின் ஆட்சேர்ப்பு மென்பொருளில் அது பதிவாகி, பின்னாளில் விண்ணப்பிக்கும்போது கண்ணில் படும்.

முதலில் போன், பிறகு மெயில். ஏஜென்சி வழியாக வந்தவர் ஏஜென்சிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மெயில் நான்கு வரி போதும்: "வணக்கம் மேடம். வேறொரு பணியை ஏற்றுக்கொண்டதால், மூத்த கணக்காளர் பணிக்கான தேர்விலிருந்து விலகிக்கொள்கிறேன். வியாழக்கிழமை நேர்காணலை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் சுற்றில் ஜிஎஸ்டி குறித்து உங்கள் குழுவினர் விரிவாகப் பேசியது பயனுள்ளதாக இருந்தது, நன்றி."

நிறுவனத்தின் பெயரும் சம்பளமும் சொல்லத் தேவையில்லை. "அதிகம் தந்தால் வருவீர்களா?" என்று கேட்டால், "ஒப்புக்கொண்டுவிட்டேன் மேடம்" என்பதே நேர்மையான பதில். யோசிப்பதாக இழுத்தால் இரு பக்கமும் நம்பிக்கை போய்விடும்.