கரும்புள்ளி இல்லாத பரு

தோசைக்கல் முன்னால் நிற்கும்போது கன்னம் சூடேறுவது எல்லோருக்கும் உண்டு. அடுப்பை விட்டு வந்து அரை மணி நேரமாகியும் அந்தச் சூடு இறங்காமல், சோப்பு பட்டாலே முகம் எரிந்தால் அது வேறு சங்கதி.

நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்வதாக வைத்துக்கொள்வோம். கன்னத்திலும் மூக்கிலும் சிறுசிறு கட்டிகள். "இந்த வயசுல பருவா?" என்று சலித்துக்கொண்டு, பென்சாயில் பெராக்சைடு கலந்த பரு களிம்பை வாங்கிப் பூசுகிறார். எரிச்சல்தான் கூடுகிறது.

அவருக்கு வந்திருப்பது ரொசேஷியா. பருவில், மயிர்க்கால் துளையை எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்துக்கொள்கின்றன. அந்த அடைப்புதான் கரும்புள்ளியாகவும் வெண்புள்ளியாகவும் தெரிவது. ரொசேஷியாவில் கட்டி வரும், சீழ்க்கொப்புளமும் வரும். ஆனால் இந்தப் புள்ளிகள் இருக்காது. கன்னத்தில் நூலிழைபோல நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓடும். சிலருக்குக் கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்தும். அதைத் தனி நோயென்று நினைத்து மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு.

நம் தோல் நிறத்தில் ஒரு சிக்கல். வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, மாநிறத்திலும் கறுப்பிலும் மங்கி, பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோதான் தெரியும். ஆகவே கண்ணாடியைவிட அந்தச் சூட்டையும் எரிச்சலையும் நம்புவதே மேல். சூடேறியபோது ஒன்று, தணிந்தபின் ஒன்று என்று எடுத்த இரண்டு புகைப்படங்களும் மருத்துவருக்கு உதவும்.

வெயில், அடுப்பனல், மிளகாய்க் காரம், கொதிக்கக் கொதிக்கக் காபி, மது, கோபதாபம் எல்லாம் இதைத் தூண்டும். வெயிலும் மிளகாயும் ஒரே பட்டியலில் வருவது விசித்திரமாகத் தோன்றலாம். மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு ஏற்பியேதான் கடும் வெப்பத்தையும் உணர்கிறது. ரொசேஷியாவில் இந்த ஏற்பிகள் மிகையாகத் தூண்டப்பட்டு ரத்தக்குழாய்களை விரியவைப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காபியில்கூடப் பலருக்குக் குற்றவாளி அதன் சூடுதான். ஆறவைத்துக் குடித்துப் பார்க்கலாம். எல்லாத் தூண்டுதலும் எல்லோருக்கும் பொருந்தாது. முகம் சூடான நேரத்தையும் அதற்கு முன் சாப்பிட்டதையும் செய்ததையும் சில வாரம் குறித்துவந்தால் தன்னுடையது எதுவென்று பிடிபடும்.

நம் பெண்மணி அடுத்துச் செய்வதுதான் பெரிய வினை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு ஸ்டீராய்டு க்ரீம் வாங்குகிறார். நாலே நாளில் முகம் தெளிகிறது. மாதக்கணக்கில் தடவத் தோல் மெலிகிறது, ரத்தக்குழாய்கள் இன்னும் துலங்குகின்றன. நிறுத்தினாலோ முன்னைவிட மோசமாகச் சீறுகிறது. பயந்து மறுபடி தடவுகிறார். இந்தச் சுழலிலிருந்து மீளத் தோல் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும்.

கட்டிகளுக்கு மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் களிம்புகள் உண்டு. தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் தருவார்கள். பலன் தெரிய வாரக்கணக்காகும். கூடவே மென்மையான சோப்பும் துத்தநாக ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீனும். ஆனால் விரிந்து நிலைத்துவிட்ட ரத்தக்குழாய்கள் இந்தக் களிம்புகளால் மறையாது. அவற்றுக்கு லேசர்தான்.