லோகோ போட்டுக்கொள்ளலாமா?

ஓசூரில் ஒரு சிறு நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலைகளில் ஓடும் ஏர் கம்ப்ரஸர்களை ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரிப்பதுதான் அதன் தொழில். ஊரறிந்த ஒரு வாகன உதிரிபாக ஆலைக்கு மூன்று ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. அடுத்த மாதம் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கண்காட்சி. அதற்குப் புதிதாகப் புரோஷர் அடிக்க வேண்டும். "எங்கள் வாடிக்கையாளர்கள்" என்ற பக்கத்தில் அந்த ஆலையின் லோகோ இருந்தால், ஸ்டாலுக்கு வருகிறவர்களிடம் பாதிப் பேச்சு மிச்சம்.

உரிமையாளர் ஆலையின் மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் கேட்கிறார். "சார், உங்க லோகோவை எங்க வெப்சைட்லயும் புரோஷர்லயும் போட்டுக்கலாமா?" மேனேஜரும் மனதாரச் சொல்கிறார்: "தாராளமா போட்டுக்கோங்க. இதுக்கெல்லாம் கேட்கணுமா?"

சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மேனேஜர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. லோகோ நிறுவனத்தின் சொத்து. பெரிய நிறுவனங்களில் அதை வெளியார் பயன்படுத்தலாமா என்று முடிவு செய்வது தலைமை அலுவலகத்தில் இருக்கும் பிராண்ட் அல்லது கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் பிரிவு; பல இடங்களில் சட்டப் பிரிவும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் அந்தப் புரோஷரைப் பார்த்து "யார் அனுமதித்தது?" என்று கேட்டால், முதலில் தலைகுனிவது நல்ல மனதோடு தலையாட்டிய அந்த மேனேஜர்தான். சிறு நிறுவனத்துக்கு அந்த ஆலையில் இருந்த ஒரே ஆதரவாளரும் அதோடு விலகிக்கொள்வார்.

கேட்பதற்கு முன் பார்க்க வேண்டிய தாள் ஒன்று உண்டு: பர்ச்சேஸ் ஆர்டர். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் பலரும் படிப்பதில்லை. விளம்பரம் பற்றி அங்கே பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும். "எங்கள் எழுத்துப்பூர்வமான முன் அனுமதியின்றி எங்கள் பெயரையோ, லோகோவையோ, எங்களோடு உள்ள வணிக உறவையோ எந்த விளம்பரத்திலும் குறிப்பிடக் கூடாது" என்பது அதன் சாரம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் தனியாகப் போட்டிருந்தால், அதிலும் இதே வரி வேறு வடிவில் இருக்கலாம். இதில் "வணிக உறவையோ" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். லோகோவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுத்தில் போட்டாலும் அது ஒப்பந்த மீறலாகிவிடும்.

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லையென்றால்? 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, ஒரு பொருளோ சேவையோ இன்னாருடையது என்று அடையாளம் காட்டுவதற்காக அவர் வணிகக்குறியை நேர்மையான முறையில் குறிப்பிடுவதை அனுமதிக்கிறது. அதன் நற்பெயரைத் தவறாகப் பயன்படுத்திக்கொள்ளவோ, அதற்கு ஊறு செய்யவோ கூடாது என்பது நிபந்தனை. "இன்ன ஆலையின் கம்ப்ரஸர்களைப் பராமரிக்கிறோம்" என்று உண்மையைச் சாதாரண எழுத்தில் சொல்வதற்கு இந்த வாதம் ஓரளவு துணை நிற்கும். லோகோவை வண்ணத்தில் பெரிதாகப் பதிப்பது வேறு விஷயம். அது ஓர் ஓவியப் படைப்பாகப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழும் வரக்கூடும். தவிர, பார்க்கிறவருக்கு "இந்த நிறுவனத்தை அவர்களே பரிந்துரைக்கிறார்கள்" என்ற எண்ணத்தையும் தரும்.

பெயரைச் சொல்வதற்கும் காட்டிக்கொள்வதற்கும் இடையே உள்ள கோடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிரஷர் குக்கருக்கு ரப்பர் கேஸ்கெட் செய்து விற்ற ஒரு நிறுவனம், தன் உறையில் அது ஹாக்கின்ஸ் குக்கருக்குப் பொருந்தும் என்று அச்சிட்டது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனி நீதிபதி ஹாக்கின்ஸ் நிறுவனத்தின் வழக்கை ஏற்கவில்லை. 2012-இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, ஹாக்கின்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருந்ததா, அது எவ்வளவு எடுப்பாக அச்சிடப்பட்டிருந்தது என்பவை அங்கே எடைபோடப்பட்டன. வாடிக்கையாளர் பட்டியல் பற்றிய வழக்கு அல்ல அது. ஆனாலும் இன்னொருவர் பெயரைத் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறவர் இந்த இரண்டு கேள்விகளையும் தன்னிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே ஓசூர்க்காரர் செய்ய வேண்டியது, மேனேஜரின் வாய்வார்த்தையை மின்னஞ்சலாக மாற்றுவது. "நீங்கள் சொன்னது மகிழ்ச்சி சார். பிராண்ட் பிரிவில் யாருக்கு எழுத வேண்டும்? உங்களையும் நகலில் சேர்த்து அனுப்புகிறேன்" என்றால் மேனேஜருக்கும் நிம்மதி. கேட்பதற்கு நல்ல நேரம், ஒரு வேலை வெற்றிகரமாக முடிந்த கையோடு. அல்லது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வாரம். பாக்கிப் பணத்துக்கு நெருக்கிக்கொண்டிருக்கும்போதும், ஒரு புகார் தீராமல் கிடக்கும்போதும் கேட்கக் கூடாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்: "2022 முதல் உங்கள் ஓசூர் ஆலையின் ஏர் கம்ப்ரஸர்களைப் பராமரித்துவருகிறோம். எங்கள் இணையதளத்தின் 'வாடிக்கையாளர்கள்' பக்கத்திலும், அடுத்த மாதம் அச்சாகும் 2,000 புரோஷர்களின் நான்காம் பக்கத்திலும் உங்கள் லோகோவை வெளியிட அனுமதி கோருகிறோம். வேறு எங்கும் பயன்படுத்த மாட்டோம். இரண்டும் எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் படங்களை இணைத்திருக்கிறோம். நீங்கள் எப்போது கேட்டுக்கொண்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் இணையதளத்திலிருந்து நீக்கிவிடுவோம். அதன்பின் புரோஷரை மறுபதிப்பும் செய்ய மாட்டோம். சம்மதம் என்றால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பி, லோகோ கோப்பையும் அதைப் பயன்படுத்தும் விதிமுறைகளையும் தரும்படி வேண்டுகிறோம்."

இந்தக் கடிதத்தின் பலம் அந்த இணைப்புப் படங்களில் இருக்கிறது. "லோகோவைப் பயன்படுத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், படிக்கும் சட்டப் பிரிவு அதிகாரிக்கு எல்லாவிதத் தவறான பயன்பாடும் மனக்கண்ணில் வந்து போகும், மறுப்பதே அவருக்குப் பாதுகாப்பு. தன் லோகோ எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாக, யார் யாருடைய லோகோவுக்குப் பக்கத்தில் வரப்போகிறது என்று கண்ணால் பார்த்தால், தலையாட்டுவது எளிது. "ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. மௌனத்தைச் சம்மதமாக்கும் அந்த வரி, கேட்கிற மரியாதையையே கெடுத்துவிடும்.

இணையதளத்தையும் புரோஷரையும் கடிதம் தனித்தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையப் பக்கத்திலிருந்து ஒரு படத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். கண்காட்சியில் கைக்குக் கை போன தாளைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் அனுமதியை விலக்கிக்கொள்ளும் நாளில் கையில் மிச்சமிருக்கும் புரோஷர்களை என்ன செய்வது என்பதை முன்பே பேசிவிட வேண்டும். தீரும்வரை கொடுத்துக்கொள்ளலாம் என்று சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும், சில ஒத்துக்கொள்ளாது. சந்தேகமாக இருந்தால் குறைவாக அச்சடிப்பதே புத்திசாலித்தனம்.

அனுமதி வந்ததும் பலர் செய்யும் தவறு, கூகுளில் தேடிக் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுவது. அது பழைய லோகோவாக இருக்கலாம். ஏர் இந்தியா 2023-இலும் பி.எஸ்.என்.எல். 2024-இலும் தங்கள் லோகோவை மாற்றின. பழையது இன்றும் தேடலில் வந்துகொண்டுதான் இருக்கிறது. திரையில் நன்றாகத் தெரியும் சிறிய படம் அச்சில் ஓரங்கள் மங்கிப் போவதும் உண்டு. வாடிக்கையாளரிடமே வெக்டர் கோப்பாகக் கேட்டு வாங்கினால் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் தெளிவாக இருக்கும். கூடவே வரும் விதிமுறைகளில், லோகோவைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், எதைவிடச் சிறிதாக்கக் கூடாது, எந்தப் பின்னணி நிறத்தில் வைக்கக் கூடாது என்றெல்லாம் இருக்கும். பார்க்க ஒரே சீராக இருக்கட்டும் என்று எல்லா லோகோக்களையும் சாம்பல் நிறத்துக்கு மாற்றுவது டிசைனர்களின் வழக்கம். அதற்கும் சம்மதம் வேண்டும். கடிதத்தோடு போகும் மாதிரிப் படத்திலேயே அதைக் காட்டிவிடுவது நல்லது.

வேலையை வாங்கிக் கொடுத்தது இன்னொரு ஒப்பந்ததாரர் என்றால் கேள்வி மாறுகிறது. அப்போது ஆலை உங்கள் வாடிக்கையாளரே அல்ல, ஒப்பந்ததாரர்தான் வாடிக்கையாளர். திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நைக்கி 2005-இலிருந்தும் எச் அண்டு எம் 2013-இலிருந்தும் தங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆலைகளின் பட்டியலைத் தாங்களாகவே வெளியிட்டுவருகின்றன. அப்படி ஒரு பட்டியலில் ஓர் ஆலையின் பெயர் இருக்கலாம். அதனால் அந்த ஆலை தன் புரோஷரில் அவர்கள் லோகோவைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. செய்தி பொதுவெளியில் இருப்பது வேறு, சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமை வேறு.

அரசுத் துறை வாடிக்கையாளராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்திய அரசின், மாநில அரசுகளின் சின்னங்களை மத்திய அரசின் அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாரநாத் சிங்கங்கள் கொண்ட தேசியச் சின்னத்துக்கு 2005-இல் தனிச் சட்டமே வந்தது. நம் மாநில அரசின் கோபுர முத்திரையிலும் அந்தச் சிங்கங்கள் இருக்கின்றன. அந்தத் துறையின் அதிகாரி ஒருவர் "போட்டுக்கோங்க" என்று சொல்வதால் அந்தச் சட்டம் விலகிக்கொள்ளாது.

மறுப்பு வந்தால் மனம் சுருங்க வேண்டாம். பெரும்பாலும் அது வேலையைப் பற்றிய குறை அல்ல. ஒருவருக்கு அனுமதித்தால் நூறு சப்ளையர்களும் கேட்பார்கள் என்பதும், தங்களுக்கு யார் என்ன செய்து தருகிறார்கள் என்பது போட்டியாளருக்குத் தெரிய வேண்டாம் என்பதும் வழக்கமான காரணங்கள். அப்போது ஒரு படி இறங்கிக் கேட்கலாம்: லோகோ இல்லாமல் பெயர் மட்டும், அதுவும் கூடாது என்றால், "ஓசூரில் உள்ள வாகன உதிரிபாக ஆலை" என்ற விவரணை மட்டும், அல்லது, புதிய வாடிக்கையாளர் யாராவது தொலைபேசியில் விசாரித்தால் இரண்டு வார்த்தை சொல்லும் சம்மதம். பெரிய ஆர்டர் கொடுக்கப்போகிறவருக்கு லோகோவைவிட அந்தத் தொலைபேசி உரையாடல்தான் அதிகம் பயன்படும்.

அடுத்த ஒப்பந்தத்தில் இதை முன்கூட்டியே சேர்த்துவிடவும் வழி உண்டு. விலைப்புள்ளி அனுப்பும்போதே, "மாதிரியைக் காட்டி எழுத்தில் ஒப்புதல் பெற்றபின், வாடிக்கையாளர் பட்டியலில் உங்கள் பெயரையும் லோகோவையும் வெளியிடுவோம்" என்று ஒரு வரி வைக்கலாம். அவர்கள் அடித்துவிட்டால், நிலவரம் முதல் நாளே தெரிந்துவிடும்.

சிறுதொழில் நடத்துகிறவர்கள் இந்த வாரம் தங்கள் இணையதளத்தைத் திறந்து, அங்கே உள்ள ஒவ்வொரு லோகோவுக்கும் அனுமதி மின்னஞ்சல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இல்லாதவற்றைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, முறையாக எழுதிக் கேளுங்கள். புரோஷர் அச்சுக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.