வாசிக்கும் கை வலிக்கலாமா?

"மணிக்கட்டு வலிக்கிறதம்மா" என்று பிள்ளை சொன்னவுடன் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது தைலப் புட்டிதான். சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, "போய் வாசி, தேர்வு நெருங்குகிறது" என்று மறுபடியும் பியானோவின் முன்னே உட்கார வைத்துவிடுகிறோம். தைலம் வலியைச் சற்று மறைக்கும். ஆனால் வலிக்குக் காரணமான நாற்காலியும், மேசையும், ஓய்வில்லாத இரண்டு மணி நேரமும் அப்படியேதான் இருக்கும்.

பியானோ, வயலின் பயிலும் பிள்ளைகளுக்கு மணிக்கட்டிலும் தோளிலும் வரும் வலி பெரும்பாலும் அடிபட்டு வருவதல்ல. ஒரே அசைவை, இறுகிய கையோடு, இடைவிடாமல் செய்வதால் சிறிது சிறிதாக ஏறுவது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மரத்தில் கத்தி வைத்தால் கை வலிக்காது. நூற்றுக்கணக்கான மரங்களில், கோணலாக நின்று, மழுங்கிய கத்தியோடு வெட்டினால்தான் மணிக்கட்டும் தோளும் பேச ஆரம்பிக்கின்றன. இசைக்கருவியிலும் கதை அதுவே.

விரலை ஆட்டுவது முழங்கைப் பக்கம்

இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை ஆட்டிப் பாருங்கள். உங்கள் பிடிக்குள் சதை நெளிவது தெரியும். விரல்களை மடக்கவும் நீட்டவும் செய்யும் பெரிய தசைகள் கையில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் வரை ஓடுகின்றன.

சைக்கிள் பிரேக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். உறைக்குள் நேராக ஓடும்போது இலேசாக இழுபடும். உறையை ஓர் இடத்தில் மடக்கிவிட்டால் பிரேக் பிடிக்கக் கை நோகும். கம்பியும் அந்த இடத்திலேயே தேயும். மணிக்கட்டு மடங்கியிருக்கும்போது தசைநாண்களுக்கு நேர்வது இதுதான். இதையும் சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டை நேராக வைத்து முட்டியை இறுக்குங்கள். பிறகு மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு இறுக்குங்கள். பலம் பாதியாகிவிட்டது போல் இருக்கும். மடங்கிய மணிக்கட்டோடு வாசிக்கும் பிள்ளை, அதே ஒலியை எழுப்ப ஒவ்வொரு முறையும் கூடுதலாக உழைக்கிறது.

சாப்பாட்டு மேசை செய்யும் வேலை

பியானோ வாங்க வசதியில்லாத வீடுகளில் மின்விசைப் பலகை வாங்குகிறோம். அதை வைக்க இடமில்லாமல் சாப்பாட்டு மேசையின் மேல் வைக்கிறோம். வினை அங்கேதான் தொடங்குகிறது. உண்மையான பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து சுமார் 70 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சாப்பாட்டு மேசையே ஏறக்குறைய அந்த உயரம். அதன் மேல் பலகையின் கனமும் சேர்ந்தால் கட்டைகள் 80 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். சாதாரண நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்கு முழங்கை தாழ்ந்து கிடக்கும். விரல் மட்டும் மேலே எட்ட வேண்டும். உடனே இரண்டில் ஒன்று நடக்கும். மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கும். அல்லது தோள்கள் காதை நோக்கி ஏறும். முதலாவது மணிக்கட்டு வலி. இரண்டாவது தோள் வலி.

இதைச் சரிசெய்யக் காசு அதிகம் வேண்டாம். பிள்ளையைக் கட்டைகளின் மேல் விரலை வைக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ, ஒரு விரற்கடை மேலேயோ இருக்க வேண்டும். முன்கை தரைக்கு இணையாக ஓட வேண்டும். தாழ்வாக இருந்தால் நாற்காலியின் மேல் பலகையோ, இறுக்கமாக மடித்த பாயோ போட்டு உயர்த்துங்கள். தலையணை வேண்டாம், அது அமுங்கும். நாற்காலியின் முன்பாதியில் மட்டும் உட்கார வேண்டும். நாற்காலியை உயர்த்தியதும் சிறுபிள்ளையின் கால்கள் அந்தரத்தில் தொங்கும். அப்படி விட்டால் உடம்பு நிலைகொள்ளாமல் தோள்தான் பிடித்துக்கொள்ளும். காலடியில் ஒரு மரப்பெட்டி வையுங்கள்.

பெரிய வயலின், சிறிய பிள்ளை

பள்ளிச் சட்டையை இரண்டு வருடத்துக்கு வரட்டும் என்று பெரிதாக வாங்குவது நம் வழக்கம். வயலினில் அந்தச் சிக்கனம் ஆகாது. முழு அளவு, முக்கால், அரை, கால் என்று வயலினுக்கு அளவுகள் உண்டு. வயலினைத் தோளில் வைத்து இடது கையை அதன் அடியில் நீட்டினால், விரல்கள் தலைப்பகுதிச் சுருளைத் தாராளமாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்நுனி மட்டும் எட்டினால் அந்த வயலின் பெரியது. நீட்டிய கையோடு மணிக்கட்டை வளைத்து வளைத்தே பிள்ளை வாசிக்கும்.

நின்று வாசிக்கும் மேல்நாட்டு முறையில், முகவாய்க்கும் தோளெலும்புக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கழுத்து நீண்ட பிள்ளைக்கு அது பெரிதாக இருக்கும். அதை நிரப்ப ஒன்றும் வைக்காவிட்டால் பிள்ளை தோளைத் தூக்கி நிரப்பிக்கொள்ளும். ஒரு மணி நேரம் தோளைத் தூக்கியபடி நின்று பாருங்கள், என்ன ஆகும் என்று தெரியும். தோள்தாங்கி வாங்கலாம், மடித்த துண்டும் போதும். துண்டின் கனத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, தோளைத் தூக்காமலே வயலின் நிற்கும் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கோயில்களில் நம் கர்நாடக இசை பயிலும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தரையில் அமர்ந்து, வயலினின் ஒரு முனையை நெஞ்சோடு சேர்த்து, சுருளை வலக்காலின் மேல் தாங்க வைக்கிறார்கள். கருவியின் பாரத்தைக் கால் சுமக்கிறது. ஆனால் அவர்களுக்கு வேறு தொல்லை. முதுகு கூனி, கழுத்து குனிந்து, இடது தோள் முன்னே சரிந்துவிடும். மடித்த கம்பளியை இருக்கைக்கு அடியில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் போட்டால் முழங்கால்கள் இடுப்புக்குக் கீழே இறங்கும். முதுகு தானாக நிமிரும். சுருளைத் தாங்கும் காலை வாசிப்பின் நடுவே மாற்ற முடியாது. ஆகவே இடைவேளைதோறும் எழுந்து நடப்பது இவர்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

எட்டு வாரக் கணக்கு

உட்காருவதைச் சரிசெய்தால் மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பன்னிரண்டு வயதுச் சிறுமி. தினமும் 45 நிமிடம் பியானோ பயில்கிறாள். ஐந்தாம் படிநிலைத் தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கிறது. "இனி தினமும் இரண்டு மணி நேரம்" என்று வீட்டில் உத்தரவாகிறது. இரண்டாம் வாரத்தில் வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி. கைவிரிந்து எட்டுச் சுரத்தைச் சேர்த்து அடிக்கும் இடத்தில் அதிகம் வலிக்கிறது. அவள் சோம்பேறி அல்ல. உழைப்பை ஒரே நாளில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏற்றியதுதான் தவறு.

வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டியிருந்தால் என்ன ஆகும்? 45 நிமிடம் முதல் வாரம் 50 ஆகும். இரண்டாம் வாரம் 55. இப்படியே ஆறாம் வாரத்தில் 80 நிமிடத்தை எட்டும். ஏழாம் வாரம் அதிலேயே நிறுத்தி, தேர்வு வாரத்தில் குறைத்துவிடலாம். அந்த 80 நிமிடத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கக் கூடாது. 25 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் ஓய்வு. மறுபடி 25 நிமிடம். மீதி 30 நிமிடம் மாலையில். சமையலறைக் கடிகாரத்தில் மணி வைத்துவிடுங்கள். வலித்தால் ஓய்வு என்பது காலம் கடந்த ஓய்வு. வலிக்குமுன் எடுப்பதே பயன் தரும்.

ஓய்வு என்றால் கைக்கு ஓய்வு. அந்த ஐந்து நிமிடம் கைப்பேசியைத் தட்டினால் அதே தசைநாண்கள்தான் உழைக்கும். துணி பிழிவதும் அப்படியே. எழுந்து நின்று கைகளைத் தொங்கவிட்டு, தோளை மெதுவாகச் சுழற்றட்டும். பாடத்தை மறக்காமல் இருக்கத் தாளம் போட்டுச் சுரங்களைப் பாடட்டும். கருவி இல்லாமலே பாடம் மனத்தில் ஏறும். கைவிரிய வேண்டிய கடினமான இடத்தைத் தொடர்ந்து சில நிமிடங்களுக்கு மேல் வாசிக்காமல், நடுவே எளிய பாடம் ஒன்றுக்கு மாறட்டும். காலையில் மரம் வெட்டிவிட்டு மாலையில் வயலின் வாசிக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களின் மணிக்கட்டு காலையிலேயே ஒரு நாள் வேலையை முடித்துவிட்டது என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வலியின் படிகள்

ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹண்டர் ஃப்ரை என்பவர் 1980-களில் இசைக்கலைஞர்களின் கைவலியை ஐந்து படிகளாகப் பிரித்தார். பெற்றோருக்கு அதன் சாரம் போதும். வாசிக்கும்போது ஓரிடத்தில் மட்டும் வலித்து, நிறுத்தியதும் போய்விட்டால் அது தொடக்கம். நிறுத்திய பிறகும் வலி தங்கினால் ஏறிவிட்டது. சட்டைப் பொத்தான் போடவும், போத்தல் மூடியைத் திறக்கவும் வலித்தால் மிகவும் முற்றிவிட்டது.

தொடக்க வலிக்கு இரண்டு மூன்று நாள் வாசிப்பை நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது, முன்பு வலி எத்தனையாவது நிமிடத்தில் வந்ததோ அதில் பாதி நேரம் மட்டும் வாசிக்கட்டும். இருபதாவது நிமிடத்தில் வந்திருந்தால் பத்து நிமிடம். வலி வராவிட்டால் மெல்லக் கூட்டலாம். நிறுத்தியும் வலி தங்கினாலோ, விரல் மரத்தாலோ, இரவில் கை மதமதத்துத் தூக்கம் கலைந்தாலோ, மணிக்கட்டு வீங்கினாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டுக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கருவி, தினம் எத்தனை நிமிடம், எந்த இடத்தில் வலி என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்கு வேலை எளிதாகும். வலியே இல்லாமல் ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேட்காமல் சுருண்டால் அது வேறு நோய். நரம்பு மருத்துவரே பார்க்க வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதும், விரலைக் கட்டாயப்படுத்திப் பலப்படுத்துவதும் வீரம் என்று நினைப்பவர்கள் ராபர்ட் ஷூமன் கதையை அறிய வேண்டும். ஜெர்மனியில் பெரிய பியானோக் கலைஞராக வர ஆசைப்பட்ட இளைஞர் அவர். விரலுக்குப் பலமேற்ற ஒரு கருவியையும் பயன்படுத்தினார். 1830-களின் தொடக்கத்தில் வலது கை கெட்டது. காரணம் எது என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் மேடையில் வாசிக்கும் ஆசையை அவர் கைவிட வேண்டியதாயிற்று. பிறகு அவர் இசை இயற்றியே புகழ் பெற்றார். அவற்றை வாசித்துக் காட்டியவர் அவர் மனைவி கிளாரா.

இன்று மாலை பிள்ளை வாசிக்க உட்காரும்போது பக்கத்தில் நின்று மூன்றைப் பாருங்கள்: தோள் காதை நோக்கி ஏறுகிறதா, மணிக்கட்டு மடங்குகிறதா, கடிகாரத்தில் 25 நிமிடம் கடந்துவிட்டதா. மூன்றில் எதற்கு 'ஆம்' என்று விடை வந்தாலும், தைலப் புட்டியை எடுக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.