வவுச்சரில் வராத செலவு

"ஆஸ்பத்திரிக்கு இருபத்தேழாயிரம் கொடுத்தேன். மீதியை இ.எஸ்.ஐ. பார்த்துக்கும்." பவர் பிரஸ்ஸில் ஆபரேட்டரின் விரல் போன பட்டறையில், ஒரு வாரம் கழித்து முதலாளியிடம் பேசினால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட வவுச்சர் அந்த ஒன்றுதான்.

அவருக்கு அப்படித் தோன்ற ஒரு காரணம் உண்டு. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். வருஷத்துக்கு நாலு விரல் போகிற பட்டறைக்கும், இருபது வருஷமாக ஒரு கீறல்கூட விழாத பட்டறைக்கும் அதே 3.25தான். விபத்து கூடினால் பிரீமியம் கூடும் நாடுகளில் அந்த உயர்வே முதலாளியின் காதைத் திருகும். இங்கே அந்த மணி அடிப்பதே இல்லை. அதனால் விபத்தின் செலவு வேறு வேறு பெயர்களில், வேறு வேறு நோட்டுகளில் போய் ஒளிந்துகொள்கிறது.

இப்படி ஒளியும் செலவை முதலில் கணக்கெடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஹெய்ன்ரிக். 1931-ல் வெளியான அவருடைய புத்தகத்திலிருந்து, நேர்ச்செலவு ஒரு ரூபாய் என்றால் மறைமுகச் செலவு நாலு ரூபாய் என்ற விகிதம் உலகெங்கும் பரவியது. பாதுகாப்பு அதிகாரிகள் பலர் இன்றும் அதை முதல் ஸ்லைடில் போடுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய தவறு கிடையாது. "அது அமெரிக்காக்காரன் கணக்கு" என்று முதலாளி சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவருடைய சொந்த நோட்டுகளைத்தான் திறக்க வேண்டும்.

கோவைப் பக்கம் மோட்டார் டெர்மினல் பாக்ஸுக்கு மூடி அடிக்கும் ஒரு பட்டறையை வைத்துக்கொள்வோம். பட்டறைகளில் வழக்கமாக நடப்பதைச் சேர்த்து நான் போடும் உதாரணம் இது. ஆறு பிரஸ், இருபத்திரண்டு ஆட்கள், ஒரு ஆளுக்கு நாள் கூலி 600 ரூபாய். கால் பெடலை ஒரு தரம் மிதித்தால் ஒரு அடி விழவேண்டிய பிரஸ், சாவியும் ஸ்பிரிங்கும் தேய்ந்ததால் இரண்டாவது அடியும் அடித்துவிடுகிறது. அடித்த மூடியை எடுக்கக் கை உள்ளே போயிருக்கிறது. ஆட்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது.

அட்டெண்டன்ஸ் நோட்டில் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் முழுநாள் கூலி. ஆனால் அன்று மாலை மூன்று மணி நேரம் யாரும் மிஷினைத் தொடவில்லை. அது 5,000 ரூபாய். பஞ்சும் டையும் விளிம்பு உடைந்து டூல் ரூமுக்குப் போயின, 35,000. அந்த பிரஸ் நாலு நாள் நின்றதால் 12,000 மூடிகளை வெளியே ஜாப் ஒர்க் கொடுத்தார்கள். ஒன்றுக்கு மூன்று ரூபாய் கூடுதல் என்றால் 36,000. அடுத்தடுத்த வேலைகள் பின்தங்கியதால் பத்து நாள் மூன்று பேர் நாலு மணி நேரம் ஓ.டி. பார்த்தார்கள். இரட்டைக் கூலியில் அது 18,000. சரக்கு தாமதமாகி ஓசூருக்குத் தனி வண்டி இரண்டு தடவை போனது, இன்னொரு 18,000. சூப்பர்வைசர் பாதி மாதம் ஆஸ்பத்திரிக்கும் இ.எஸ்.ஐ. ஆபீசுக்கும் அலைந்ததும், வக்கீல், கன்சல்டன்ட் செலவும் சேர்ந்து 45,000.

இவற்றைவிட நன்றாக ஒளிந்திருப்பது ரிஜெக்‌ஷன் நோட்டு. போன ஆபரேட்டர் எட்டு வருஷக் கை. தகடு கொஞ்சம் நகர்ந்தால் விரல் நுனியிலேயே அவருக்குத் தெரியும். புதிதாக உட்கார்ந்தவருக்கு அந்தக் கை வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை நாளுக்கு அறுபது மூடி கூடுதலாகக் குப்பைக்குப் போகிறது. ஒன்றுக்கு 12 ரூபாய் நஷ்டம் என்றால் ஐம்பது வேலை நாளில் 36,000. இந்தச் செலவை யாரும் விபத்தோடு சேர்ப்பதில்லை. "புதுப் பையன் சரியில்லை" என்று திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

கூட்டினால் மறைந்த செலவு 1,93,000. வவுச்சரில் வந்த 27,000-ஐயும் சேர்த்தால் 2,20,000. முதலாளியின் நிகர லாபம் நூற்றுக்கு ஐந்து என்றால், இதை ஈடுகட்ட 44 லட்சத்துக்கு விற்க வேண்டும். மூடி ஒன்று 22 ரூபாய். அப்படியானால் இரண்டு லட்சம் மூடி, அந்த பிரஸ்ஸில் ஏறக்குறைய அறுபத்தேழு நாள் உற்பத்தி. இந்த ஒரு வரியைத்தான் முதலாளி நிமிர்ந்து பார்ப்பார். மூடி அவருக்குத் தெரிந்த காசு.

இங்கே கணக்கை ஊதக்கூடாது. ஆர்டர் குறைந்த மாதத்தில் நின்ற பிரஸ்ஸுக்கு உற்பத்தி நஷ்டம் எழுதினால் முதலாளி உடனே பிடித்துவிடுவார். கஸ்டமர் போய்விடுவான் என்று பயமுறுத்தித் தொகை போடுவதும் அப்படித்தான். அதைத் தொகையில்லாமல் கீழே தனியாக எழுதினால் போதும்.

அடுத்து, எதை வாங்குவது. விற்க வருபவர்கள் லைட் கர்ட்டனைக் காட்டுவார்கள். கை குறுக்கே வந்தால் ஒளி தடைபட்டு மிஷின் நின்றுவிடும் என்பார்கள். காற்றழுத்தக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸில் அது நிற்கும். நம் சிறு பட்டறைகளில் நிறைய இருக்கும் சாவிக் கிளட்ச் பிரஸ்ஸில் நிற்காது. சாவி ஒரு தடவை விழுந்துவிட்டால் ஃப்ளைவீல் முழுச் சுற்றும் சுற்றித்தான் விடும். காசு கொடுத்து வாங்கிய நிம்மதி அங்கே விரலைக் காப்பாற்றாது. அதற்குப் பொருத்தம், தகடு மட்டும் நுழையும், விரல் நுழையாத இடுக்கு விட்டு டையைச் சுற்றிப் போல்ட் போட்ட இரும்புக் கூண்டு. தகட்டைச் சறுக்கி விட ஒரு பாதை, அடித்த மூடியை வெளியே தள்ள ஒரு ஏற்பாடு. பிரஸ் ஒன்றுக்கு 20,000 என்று வைப்போம்.

ஆறு பிரஸ்ஸுக்கும் 1,20,000. ஐந்து வருஷத்தில் இரண்டு விரல் விபத்து என்று பட்டறையின் விபத்துப் பதிவேடு சொல்கிறது. ஆக வருஷத்துக்குச் சராசரி 88,000. கூண்டு எல்லாவற்றையும் தடுக்காது. டை மாற்றும்போது கழற்றியாக வேண்டும், மறுபடி மாட்ட மறப்பார்கள். பாதிதான் மிச்சம் என்று அடக்கமாகப் போட்டால் 44,000. பராமரிப்பு 14,000 போக 30,000 நிற்கும். போட்ட பணம் திரும்ப நாலு வருஷம். முதலாளி உதட்டைப் பிதுக்குவார்.

ஆனால் பதிவேட்டில் இன்னொரு பத்தியும் உண்டு: எந்த மிஷின் என்பது. இரண்டு விபத்தும் கையை உள்ளே விட்டு எடுக்கும் அந்த இரண்டு பிரஸ்ஸில்தான். முதலில் அவற்றுக்கு மட்டும் போட்டால் 40,000. வருஷப் பராமரிப்பு 5,000 போக, மிச்சம் 39,000. ஏறக்குறைய ஒரே வருஷத்தில் பணம் திரும்பிவிடுகிறது. மற்ற நாலையும் அடுத்த வருஷத்துக்கு என்று தேதி போட்டுத்தான் விடவேண்டும். ஆபத்தான பாகத்தை மறைத்து வைப்பது சட்டக் கடமை, லாபம் பார்த்துச் செய்யும் காரியமல்ல. அதுவரை தேய்ந்த சாவியையும் ஸ்பிரிங்கையும் உடனே மாற்றலாம். இரண்டாவது அடி ஒரு தரம் விழுந்தாலும் அந்த மிஷினை நிறுத்தலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை.

இந்தக் கணக்கில் எங்கும் வராத ஒருவர் இருக்கிறார். ஆட்காட்டி விரலில் இரண்டு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 11 சதவீத இழப்பு என்கிறது சட்டத்தின் அட்டவணை. 600 ரூபாய்க் கூலியில் 90 சதவீதத்தை எடுத்து அதில் 11 சதவீதம் என்றால், ஆயுள் முழுக்க அவருக்கு வருவது நாளுக்கு 59 ரூபாய். முதலாளிக்குக் கொடுக்கும் தாளில் இந்த எண்ணைத் தொகையில் சேர்க்காமல், முதல் வரியாகத் தனியே எழுதிவிடுவேன்.

கூண்டு மாட்டிய பிறகு ஒரு மாதம் கழித்துப் போய்ப் போல்ட்டின் தலையைப் பார்க்க வேண்டும். எண்ணெயும் தூசியும் படிந்திருந்தால் கணக்கு சரியாக ஓடுகிறது. டை மாற்றாத வாரத்திலும் ஸ்பானர் பட்டுப் பளபளப்பாக இருந்தால், அடிக்கணக்கு எட்டாமல் ஆபரேட்டர் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார் என்று அர்த்தம். அவரைத் திட்டுவதற்கு முன் அன்றைய டார்கெட் போர்டில் எத்தனை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.