சுவரைத் தாண்டும் வெப்பத்துக்கும் கணக்கு உண்டு

சென்னையில் 12,000 சதுர மீட்டரில் ஓர் அலுவலகக் கட்டடம் எழும்புவதாக வைத்துக்கொள்வோம். ஈசிபிசி எனப்படும் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகளின் 2017 பதிப்புப்படி அதற்கு ஒப்புதல் வாங்க, வரைபடத்தோடு சில கணக்குகளும் போக வேண்டும். ஏசி கணக்கு தனி. கட்டடக்கலைஞரை அதிகம் அலையவிடுபவை சுவரும் விளக்கும்தான்.

ஒரு சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும் என்பதைச் சொல்வது யு மதிப்பு. குறைவாக இருந்தால் நல்லது. இந்த அளவு அலுவலகத்துக்குச் சென்னையில் உச்சவரம்பு 0.40. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 2-இல் நிற்கும், கிட்டவே வராது.

கணக்கு கடினமில்லை. ஒவ்வோர் அடுக்கின் தடிமனையும், மீட்டரில், அதன் வெப்பங்கடத்து எண்ணால் வகுத்தால் அந்த அடுக்கின் தடை கிடைக்கும். எல்லாத் தடைகளையும் கூட்டி, 1-ஐ அந்தத் தொகையால் வகுத்தால் யு மதிப்பு. 200 மில்லிமீட்டர் ஏஏசி பிளாக், பூச்சு, இருபக்கக் காற்றுப் படலம் எல்லாம் சேர்ந்து தடை சுமார் 1.32, யு மதிப்பு 0.76. இதுவும் தேறாது. 50 மில்லிமீட்டர் காப்புப் பலகை ஒட்டினால் தடை 2.75 ஆகிறது, யு மதிப்பு 0.36. தேறிவிட்டது.

பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். தூணும் பீமும் வெளிச்சுவரில் பத்தில் ஒரு பங்கு இருந்து, பலகை உட்புறம் பிளாக்கின் மேல் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால், அந்த கான்கிரீட்டின் யு மதிப்பு 3. பரப்புக்கேற்ற சராசரி 0.63-க்கு எகிறும். பலகையை வெளிப்புறம் தூணையும் மூடி ஒட்டினால் சராசரி 0.38. பொருள் அதேதான், ஒட்டிய இடம்தான் வேறு.

கண்ணாடியிலும் ஒரு சென்னைக் கணக்கு உண்டு. 15 பாகை அட்சரேகைக்கு வடக்கே வடபுற ஜன்னலுக்கு வெயில் வரம்பில் சலுகை உண்டு. கோடையில் நம் வானத்தில் சூரியன் வடக்கே சாய்வதால் சென்னைக்கு அது கிடையாது.

விளக்குக்கு வருவோம். அலுவலகத்துக்குச் சதுர மீட்டருக்கு 9.5 வாட் அனுமதி. மொத்தம் 114 கிலோவாட். 36 வாட் எல்இடி பேனல் 2,400, 12 வாட் டவுன்லைட் 1,600 என்றால் 105.6 கிலோவாட் வருகிறது. ஆனால் அந்த 36 வாட் விளக்குக்கு மட்டும் உரியதாக இருந்து, டிரைவரோடு பேனல் 40 வாட் இழுத்தால் மொத்தம் 115.2 ஆகும். வரம்பு தாண்டிவிட்டது!

இன்னொரு கோளாறு, கார் நிறுத்துமிடத்தின் பரப்பை அலுவலகப் பரப்போடு சேர்த்து அனுமதியைப் பெருக்கிக் காட்டுவது. நிறுத்துமிடத்துக்குத் தனி வரம்பு இருக்கிறது. எனவே விண்ணப்பிப்பவர்கள் விளக்கு வாங்கும் முன்பே டிரைவர் சேர்ந்த வாட் அளவைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.