மாலா, ரோட்டுக் கடையா, மாடியா? பார்லருக்கு இடம் பார்க்கும்போது

வேளச்சேரி மாதிரி ஒரு பகுதியில் சின்னதாகப் பார்லர் வைக்க இடம் தேடினால், மூன்று விதமான இடங்கள் கண்ணில் படும். மாலின் நடைவழியில் நாலு பக்கமும் திறந்திருக்கும் கியாஸ்க் ஒன்று. மெயின் ரோட்டைப் பார்த்த ஷட்டர் கடை இன்னொன்று. மூன்றாவது, மெடிக்கல் ஷாப்புக்கு மேலே குறுகலான படியேறிப் போகும் முதல் மாடி. தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம்மிடம் வரப்போகிறவர் போகிற வழியில் கடையைப் பார்த்து நுழைகிறவரா, வீட்டிலிருந்தே நம்மைத் தேடிக் கிளம்புகிறவரா?

ஆண்கள் சலூனுக்கு வருகிறவர் பெரும்பாலும் முதல் ரகம். கண்ணாடிக் கதவு வழியே காலி நாற்காலி தெரிந்தால் பைக்கை ஓரம் கட்டுவார். நாலு பேர் காத்திருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மாடிப்படி ஏற மாட்டார். பெண்கள் பார்லரில் இது நேர்மாறு. போனில் நேரம் கேட்டுக்கொண்டு, குறிப்பிட்ட அக்காவின் கைக்காகவே வருவார்கள். வெளியிலிருந்து யாரும் பார்க்காத இடமாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் தரைத்தளத்தில் பார்லர் வைத்தவர்கள் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டித் திரையும் போட்டுவிடுகிறார்கள். ரோட்டுப் பார்வைக்கென்று கூடுதல் வாடகை கொடுத்து, அந்த ரோட்டையே மறைப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் தெரியும்.

அந்தக் கூடுதல் வாடகை எவ்வளவு வேலை கேட்கிறது என்று பார்ப்போம். 300 சதுர அடிக்குக் கீழே 30,000 ரூபாய், மாடியில் 14,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 16,000. பார்லரில் ஒருவருக்குச் சராசரி பில் 400 ரூபாய். பொருள் செலவும் வேலை செய்தவர் கமிஷனும் போக 250 நிற்கிறது என்றால், மாதம் 64 பேர் கூடுதலாக வர வேண்டும். மாதம் 26 நாள் வேலை என்றால், நாளுக்கு இரண்டு மூன்று பேர். மாடி ஏறி வராத, ஆனால் கீழே இருந்தால் நுழைந்திருக்கக்கூடிய இரண்டு மூன்று பேர் தினமும் அந்தத் தெருவில் இருக்கிறார்களா? பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கம் இருக்கலாம். வண்டிகள் நிற்காமல் பறக்கும் பைபாஸ் ஓரத்தில் சந்தேகம்தான்.

இதையே ஆண்கள் சலூனுக்குப் போட்டால், 150 ரூபாய் கட்டிங்கில் பாதி வெட்டியவருக்குப் போய்விடும். பிளேடு, கிரீம் கழித்தால் 70 ரூபாய் தேறும். அப்போது நாளுக்கு ஒன்பது பேர் கூடுதலாக வேண்டும். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் நாளுக்கு 25 பேர் வரும் சலூனை மாடிக்குக் கொண்டுபோனால் அந்த ஒன்பது பேருக்கு மேலேயே குறைந்துவிடுவார்கள். அதனால் சலூன்காரர் கீழேயே இருப்பதுதான் சரி.

மால் கியாஸ்க்கின் கணக்கே தனி. அங்கே பெரும்பாலும் தண்ணீரும் வடிகாலும் கிடையாது. எனவே ஹேர் வாஷ், ஃபேஷியல், கலரிங் எல்லாம் நடக்காது. வேக்சிங்கை நடைவழியில் வைத்துச் செய்ய முடியாது. மிஞ்சுவது ஐப்ரோ த்ரெடிங், மெஹந்தி, நெயில் ஆர்ட். மாத வாடகை 40,000, பராமரிப்புக் கட்டணம் 8,000 என்று கொள்வோம். இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 56,640. ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு செய்யாத சின்னத் தொழிலுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது, முழுக்கச் செலவுதான். காலை 10 முதல் இரவு 10 வரை, வாரம் ஏழு நாளும் மால் நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதால் ஒரே பெண்ணை வைத்து ஓட்ட முடியாது. தலைக்கு 18,000 சம்பளத்தில் இரண்டு பேர் என்றால் மொத்தம் 92,640.

ஒரு ஐப்ரோவுக்கு 80 ரூபாய் என்றால், இந்தச் செலவை எடுக்கவே தினமும் 39 பேர் வேண்டும். ஒருவருக்கு எட்டு நிமிடம் என்று பார்த்தால் ஐந்து மணி நேர வேலை, முடியாதது இல்லை. சிக்கல் என்னவென்றால், கூட்டம் சனி, ஞாயிறு மாலையில் மொத்தமாக வரும். ஒரு நாற்காலியில் மணிக்கு ஏழு பேருக்கு மேல் உட்கார வைக்க முடியாது, மீதிப்பேர் சினிமாவுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியமோ அதே நாற்காலி சும்மா கிடக்கும். த்ரெடிங்கை மட்டும் நம்பி கியாஸ்க் எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். பில் பெரிதாக வரும் நெயில் வேலை தெரிந்தவருக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும். அதிலும் அக்ரிலிக் வேண்டாம். அந்த நெடி நடைவழி முழுக்கப் பரவும், அடுத்த கடைக்காரர் புகார் கொடுப்பார். ஜெல் வேலைக்கு அவ்வளவு வாடை இல்லை. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இடமாற்றம் பற்றிய வரியையும் தேடுங்கள். கியாஸ்க்கை வேறு தளத்துக்கு நகர்த்தும் உரிமையை மால் நிர்வாகம் தன்னிடம் வைத்திருந்தால், எஸ்கலேட்டர் பக்கத்து இடம் என்று நம்பி எடுத்ததற்கு அர்த்தமில்லை.

ஆக, பெண்கள் பார்லருக்கு மாடிதான் பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் மாடியில் வாடகையில் மிச்சமானதைத் தண்ணீர் பிடுங்கிக்கொள்ளக்கூடும். தொட்டித் தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டுமே உள்ள கட்டடத்தில் தொட்டி நம் தலைக்கு மேலே மூன்று மீட்டரில்தான் இருக்கும். பாத்திரம் கழுவ அது போதும். கலர் போட்ட நீளமான கூந்தலை அலச ஹேண்ட் ஷவரைத் திறந்தால் நூல் மாதிரிதான் ஒழுகும். பிரஷர் பம்ப் வைத்தாக வேண்டும்.

வடிகால் அடுத்த வேலை. தலை அலசும் பேசினிலிருந்து கழிவறை வரைக்கும் குழாய்க்கு மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். தரையை உடைத்துக் குழாய் இறக்கினால் அது மெடிக்கல் ஷாப்பின் கூரையில் போய்த் தொங்கும். கடைக்காரர் சம்மதிக்க மாட்டார். ஆகவே அலசும் நாற்காலியைக் கழிவறைச் சுவரை ஒட்டி, சின்ன மேடை கட்டி அதன்மேல் போட வேண்டும். முடி பிடிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் சில வாரங்களில் அடைப்பு வரும், ஒழுகல் கீழே மருந்து அட்டைப்பெட்டிகளின் மேல் இறங்கும்.

மின்சாரமும் அப்படியே. கீசர் 2 கிலோவாட், ஏசி ஒன்றரை, டிரையர் கிட்டத்தட்ட இரண்டு. மூன்றும் ஒன்றாக ஓடினாலே ஐந்தைத் தாண்டும். வீடாக இருந்த மாடி என்றால் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கும். அதில் கடை நடத்திப் பிடிபட்டால் அபராதம்தான். வணிக இணைப்பாக மாற்ற ஹவுஸ் ஓனர் கையெழுத்து வேண்டும் என்பதால் அதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

வேளச்சேரிக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இங்கே பல தெருக்களில் தரைத்தளம் மூழ்கியது. ஷட்டர் கடை பார்க்கப் போகிறவர் உள்சுவரில் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா, புதுப் பெயின்ட் இடுப்பு உயரத்துக்கு மட்டும் அடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையிலும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

மாடி பிடித்துப்போனால், ஒருநாள் இரவு ஏழரை மணிக்கு மறுபடி போய்ப் பாருங்கள். படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, கீழ்க்கடை மூடிய பிறகு வாசலில் யார் நிற்கிறார்கள், முழங்கால் வலிக்காரர் பிடித்து ஏறக் கைப்பிடி இருக்கிறதா? தையல் கடையோ மெடிக்கலோ கீழே இருந்தால் பெண்கள் தயங்காமல் ஏறுவார்கள். டாஸ்மாக் பக்கத்தில் என்றால் பாதி வாடகைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ரோட்டிலிருந்து தெரியும் போர்டு எங்கே மாட்டலாம், படிக்கட்டு விளக்கின் பில் யார் கட்டுவது, கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீர் யார் செலவு என்ற மூன்றும் எழுத்தில் வர வேண்டும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யத்தானே போகிறோம். அதிலேயே இந்த வரிகளையும் சேர்த்துவிடலாம்.